ரவுட்டரில் 9.9.9.9 போட்ட பிறகும் தடுக்க வேண்டிய தளம் சில நேரம் திறக்கிறது

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

போன வாரம் அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம், முகவரியைச் சரிபார்க்க வேண்டுமாம். அவர் இணைப்பைத் தொட்டு, அட்டை எண்ணில் பாதியைத் தட்டிய பிறகு அம்மா கவனித்துக் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமும் வரவில்லை.

வீட்டில் எட்டுக் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் போய் எதையாவது நிறுவுவதை விட, மோசடித் தளங்களின் பெயருக்குப் பதில் சொல்ல மறுக்கும் டிஎன்எஸ் சேவையை ரவுட்டரிலேயே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். முதல் கட்டத்தில் குவாட்9 சேவையின் 9.9.9.9, அது செத்துப்போனால் கைகொடுக்கட்டும் என்று இரண்டாம் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8. சேமித்து, ரவுட்டரை மறுதொடக்கம் செய்தேன்.

சோதிக்க isitblocked.org என்ற பெயரைப் பயன்படுத்தினேன். குவாட்9 சோதனைக்காகவே வைத்திருக்கும் பெயர் அது. வடிகட்டி வேலை செய்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதில் வர வேண்டும். மடிக்கணினியில் காலையில் தடுத்தது, மதியம் திறந்தது, மாலையில் மறுபடி தடுத்தது. அப்பாவின் கைப்பேசியிலோ ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. நான் எங்கே தவறு செய்தேன்?

---

செங்கல்சூளை எழுதியது:

அமைப்பில் தவறு இல்லை நண்பரே. இரண்டாவது முகவரி வெறும் மாற்று ஆட்டக்காரர். முதலாமவர் விழுந்தால்தான் அவர் களமிறங்குவார். உங்கள் இணைப்பில் 9.9.9.9 அடிக்கடி எட்டாமல் போகிறது என்று நினைக்கிறேன். இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் செய்யுங்கள். கைப்பேசியில் பழைய பதில்கள் தேங்கியிருக்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

---

வேகப்பிரியன் எழுதியது:

நானும் போன மாதம் மாற்றினேன். பதிவிறக்க வேகம் முன்பு 40 எம்பிபிஎஸ், இப்போதும் 40தான். டிஎன்எஸ் மாற்றினால் இணையம் பறக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே? எந்த எண்ணைப் போட்டால் 100 வரும்?

---

பழையமோடம் எழுதியது:

மாடிவீட்டுக்காரரே, குற்றவாளி அந்த 8.8.8.8.

செங்கல்சூளை சொன்னது ஓரளவு உண்மை. விண்டோஸ் கணினியில் நேரடியாக இரண்டு முகவரிகளைக் கொடுத்தால், முதலாவதிடம் கேட்டு, பதில் வராமல் நேரம் கடந்தால்தான் அடுத்ததிடம் போகும். ஆனால் உங்கள் மடிக்கணினி 9.9.9.9-இடம் கேட்கவே இல்லை. அது ரவுட்டரிடம் கேட்கிறது. ரவுட்டர்தான் அவர்களில் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறது. யாரிடம் கேட்பது என்பது ரவுட்டருக்குள் இருக்கும் சிறு நிரலின் விருப்பம். பல வீட்டு ரவுட்டர்களில் இருக்கும் dnsmasq, நீங்கள் எழுதிய வரிசையை முன்னுரிமையாக எடுத்துக்கொள்வதில்லை. எவர் நன்றாகப் பதில் சொல்கிறாரோ அவரிடம் போகும். அவ்வப்போது எல்லாரிடமும் கேட்டு, முந்தியவரைப் பிடித்துக்கொள்ளும். ஆக, கூகுள் பக்கம் சாய்ந்த நேரத்தில் உங்கள் வீட்டில் வடிகட்டியே கிடையாது. கிடைத்த பதிலை ரவுட்டர் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்திருக்கும் என்பதால், ஒரு முறை நழுவிய பெயர் சில நிமிடங்களுக்கு எல்லாருக்கும் திறந்தே கிடக்கும்.

இரண்டு கட்டங்களிலும் வடிகட்டும் முகவரிதான் இருக்க வேண்டும். குவாட்9 என்றால் இரண்டாவது 149.112.112.112. கிளவுட்ஃப்ளேர் என்றால் 1.1.1.2, 1.0.0.2 என்ற இணை. அதே நிறுவனத்தின் 1.1.1.1 எதையும் தடுக்காது. கடைசி எண்ணில்தான் வித்தியாசம், பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

மாற்றிய பிறகு மடிக்கணினியில் இந்த மூன்றையும் ஓட்டி, வருவதை இங்கே ஒட்டுங்கள்.

```
ipconfig /flushdns
nslookup isitblocked.org
nslookup isitblocked.org 9.9.9.9
```

இரண்டாவது கட்டளை ரவுட்டர் வழியாகக் கேட்கிறது. மூன்றாவது ரவுட்டரைத் தாண்டி நேராகக் கேட்கிறது. இரண்டின் பதிலும் வேறுபட்டால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது என்று பொருள்.

வேகப்பிரியன் தம்பி, டிஎன்எஸ் என்பது வீட்டு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மட்டும்தான். தெரிந்த பிறகு வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில் அதற்குப் பங்கில்லை. 100 வேண்டுமானால் திட்டத்தை மாற்ற வேண்டும்.

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

நன்றி ஐயா. 149.112.112.112 போட்டுவிட்டேன். முடிவு விசித்திரமாக இருக்கிறது. நேராகக் கேட்டால் அருமையாகத் தடுக்கிறது:

```
> nslookup isitblocked.org 9.9.9.9
*** dns9.quad9.net can't find isitblocked.org: Non-existent domain
```

ஆனால் முகவரி எதுவும் கொடுக்காமல் கேட்டால் ஒரு ஐபி முகவரி வந்து நிற்கிறது. ஐந்து முறை கேட்டேன், ஐந்து முறையும் அப்படியே. முன்பு விட்டு விட்டாவது தடுத்தது. இப்போது நிரந்தரமாகத் திறந்துவிட்டது போலிருக்கிறது!

---

பழையமோடம் எழுதியது:

முகவரி கொடுக்காமல் கேட்டபோது, பதிலுக்கு மேலே Server, Address என்று இரண்டு வரிகள் வந்திருக்கும். யார் பதில் சொன்னார் என்பது அங்கேதான் இருக்கிறது. அதையும், ipconfig /all காட்டும் DNS Servers வரியையும் ஒட்டுங்கள்.

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

முதல் முகவரியை மட்டும் மறைப்பதற்காக மாற்றி எழுதியிருக்கிறேன்:

```
DNS Servers . . . . . : 2001:db8:53::1
                        192.168.1.1
```

192.168.1.1 என் ரவுட்டர். மேலே இருக்கும் நீளமானதை நான் எங்கும் போடவில்லை. Address வரியிலும் அந்த நீளமானதுதான் வந்திருந்தது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

---

பழையமோடம் எழுதியது:

பயப்பட வேண்டாம். அது உங்கள் இணைப்பு நிறுவனத்தின் ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியாகவே இருக்கும். நீங்கள் மாற்றியது ஐபிவி4 பக்கத்தில் மட்டும். ஐபிவி6-க்கு ரவுட்டரில் தனிப் பக்கம் உண்டு, அங்கே தனி டிஎன்எஸ் கட்டங்களும் உண்டு. அவை இன்னும் தானாகப் பெறுதல் என்ற நிலையிலேயே இருக்கின்றன. எனவே ரவுட்டர் இரண்டு முகவரிகளையும் வீட்டுக்குள் அறிவிக்கிறது: ஒன்று தன்னுடையது, மற்றொன்று நிறுவனத்துடையது. விண்டோஸ் பெரும்பாலும் ஐபிவி6-ஐ முதலில் வைக்கும். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்த கதை.

இது இருவகையான பெயர்களுக்கும் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். ஐபிவி6 வழியாகக் கேட்டால் ஐபிவி6 தளங்களைப் பற்றித்தான் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்தப் பெயரைப் பற்றியும் எந்த வழியிலும் கேட்கலாம். அதனால் ஒரு ஓட்டை இருந்தாலே எல்லாப் பெயர்களும் அதன் வழியே போய்விடும்.

ஐபிவி6 பக்கத்தில் டிஎன்எஸ்ஸைக் கையால் கொடுக்கும் நிலைக்கு மாற்றி, இந்த இரண்டையும் போடுங்கள்:

```
2620:fe::fe
2620:fe::9
```

பிறகு மடிக்கணினியின் வைஃபையை அணைத்து மறுபடி இணையுங்கள். ரவுட்டரில் சேமித்ததும் கருவிகளுக்குத் தெரிந்துவிடாது. மறுபடி இணையும்போதுதான் புதிய முகவரியைக் கேட்டு வாங்கும்.

---

செங்கல்சூளை எழுதியது:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? ஐபிவி6-ஐ மொத்தமாக அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. என் வீட்டில் பல வருடங்களாக அணைத்தே வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

---

பழையமோடம் எழுதியது:

அணைத்தால் இந்த ஓட்டை அடைபடும், மறுக்கவில்லை. ஆனால் சில நிறுவனங்கள் ஐபிவி4 முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, ஐபிவி6-ஐத்தான் நேர்வழியாகத் தருகின்றன. அங்கே அணைத்தால் எல்லாப் போக்குவரத்தும் அந்தப் பங்கிட்ட வழியிலேயே நெரிய வேண்டும். கட்டங்கள் பூட்டப்பட்ட ரவுட்டராக இருந்தால் நானும் அணைக்கத்தான் சொல்வேன். திறந்திருந்தால் எதற்கு?

---

செங்கல்சூளை எழுதியது:

நீங்கள் சொல்வது போன்ற இணைப்பு எனக்கு இல்லை போலிருக்கிறது. என் வீட்டில் அணைத்தேதான் இருக்கும்.

---

எறும்புவரிசை எழுதியது:

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் 9.9.9.9 போட்ட மூன்றாவது நாள், என் மகள் சேர்ந்திருந்த நடன வகுப்பின் தளம் திறக்கவில்லை. அவர்களிடம் தொலைபேசியில் கேட்டால், "எல்லாருக்கும் திறக்கிறதே அம்மா" என்றார்கள். உலாவியிலோ தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி. தடுக்கப்பட்டது என்று எங்கும் எழுதியிருக்காது! இணைப்புக் கோளாறா, தளம் படுத்துவிட்டதா, வடிகட்டியா என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. பாதி நாள் ரவுட்டரை அணைத்துப் போட்டுக் கொண்டிருந்தேன்.

அந்தத் தளத்துக்குள் யாரோ முன்பு புகுந்து எதையோ வைத்திருந்தார்கள், அவர்கள் சுத்தம் செய்தும் பட்டியலிலிருந்து பெயர் நீங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பெயரை நீக்கச் சொல்லிக் குவாட்9-க்கு எழுதினேன். ஆனால் பொறுமையில்லாமல் அதற்குள் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.2-க்கு மாறிவிட்டேன். இதில் isitblocked.org சோதனை உதவாது, அது குவாட்9 வைத்திருப்பது. இதற்கு malware.testcategory.com என்று தனிப் பெயர் இருக்கிறது. தடுத்தால் 0.0.0.0 என்று வருகிறது. இல்லாத பெயருக்கும் தடுத்த பெயருக்கும் வித்தியாசம் தெரிவதால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

---

பழையமோடம் எழுதியது:

அருமையான கேள்வி எறும்புவரிசை. குவாட்9-இலும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 9.9.9.10 என்பது அவர்களுடையதே, ஆனால் வடிகட்டாதது. சந்தேகப்படும் பெயரை இரண்டிலும் கேளுங்கள். 9.9.9.9 இல்லை என்று சொல்லி, 9.9.9.10 முகவரி கொடுத்தால் அது தடுப்பு. இரண்டுமே இல்லை என்றால் பெயரே உயிரோடில்லை. அந்தச் சோதனைக்காக 9.9.9.10-ஐ ரவுட்டரில் இரண்டாவதாகப் போட்டுவிடாதீர்கள், பழைய 8.8.8.8 கதை திரும்பிவிடும்.

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

மடிக்கணினி சரியாகிவிட்டது! ஐபிவி6 கட்டங்களை நிரப்பி, வைஃபையை மறுபடி இணைத்ததும் பத்து முறை கேட்டேன், பத்து முறையும் தடுத்தது. அம்மாவின் கைப்பேசியும் தங்கையின் டேப்லெட்டும் தடுக்கின்றன.

ஆனால் யாருக்காக இத்தனையும் செய்தேனோ அந்த அப்பாவின் கைப்பேசி இன்னும் திறக்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டேன், கைப்பேசியையே மறுதொடக்கம் செய்தேன். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் சோதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

பழையமோடம் எழுதியது:

ஆண்ட்ராய்டு என்றால், நெட்வொர்க் அமைப்புகளில் Private DNS என்ற வரியைத் திறந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் அது இருக்கிறது.

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

dns.google என்று இருக்கிறது. யார் போட்டது என்று வீட்டில் விசாரித்தேன். நான்தான்! இரண்டு வருடங்களுக்கு முன்பு ஏதோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அப்பாவின் கைப்பேசி பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நானே போட்டிருக்கிறேன். தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

---

பழையமோடம் எழுதியது:

அந்தக் கட்டுரையும் முழுப் பொய்யில்லை. அங்கே ஒரு பெயரைக் கொடுத்தால் கைப்பேசி தன் கேள்விகளை மூடிய உறையில் போட்டு நேராக அந்த நிறுவனத்துக்கே அனுப்பும். வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்த "யாரும்" என்பதில் உங்கள் ரவுட்டரும் சேர்த்தி. நீங்கள் ரவுட்டரில் என்ன எழுதினாலும் அந்தக் கைப்பேசிக்குக் கேட்காது.

இதில் ஒரு லாபம் எடுக்கலாம். அழிக்காமல், அதே இடத்தில் dns.quad9.net என்று எழுதிவிடுங்கள். ரவுட்டரின் வடிகட்டி வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. அப்பா வெளியே போய் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அதே குறுஞ்செய்தி வந்தால் ரவுட்டர் என்ன செய்யும்? இது கூடவே போகும்.

மடிக்கணினிகளில் உலாவிக்குள்ளும் இதே போன்ற அமைப்பு ஒன்று ஒளிந்திருக்கும். nslookup தடுக்கிறது, ஆனால் உலாவியில் மட்டும் திறக்கிறது என்றால், அமைப்புகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற பகுதியைப் பாருங்கள்.

---

வேகப்பிரியன் எழுதியது:

பதிவிறக்கம் கூடாது, சரி. ஆனால் பக்கங்கள் சீக்கிரம் திறக்கும் என்றுதானே சொல்கிறார்கள்? அதுவும் பொய்யா?

---

எறும்புவரிசை எழுதியது:

இதை நான் அளந்து பார்த்தேன் தம்பி, என்னிடம் லினக்ஸ் இருக்கிறது.

```
dig @9.9.9.9 example.org | grep "Query time"
```

@ குறிக்குப் பின்னால் முகவரியை மாற்றி மாற்றிக் கேட்டேன். என் இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் 7 மில்லிசெகண்ட். 9.9.9.9 ஏறக்குறைய 30. 1.1.1.2 ஏறக்குறைய 12. அதாவது நிறுவனத்தைவிட்டு மாறியதில் எனக்கு வேகம் குறைந்திருக்கிறது! ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ரவுட்டரிடமே கேட்டால் முதல் முறை 12, அதே பெயரை மறுபடி கேட்டால் 0 அல்லது 1 என்று வருகிறது. நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது போலும். இதெல்லாம் என் வீட்டு எண்கள், உங்கள் வீட்டில் வேறாக வரும்.

---

பழையமோடம் எழுதியது:

அதேதான். நிறுவனத்தின் டிஎன்எஸ் திணறும் இணைப்பில் மாற்றினால் நன்றாகவே தெரியும். ஒரு பக்கத்தைத் திறந்ததும் இரண்டு மூன்று விநாடி வெள்ளையாக நின்று, பிறகு ஒரேயடியாகக் கொட்டும். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் வேகத்துக்காக மாற்ற வேண்டியதில்லை.

காணொளி மட்டும் மாற்றிய பிறகு மந்தமானால் வேறு காரணம் இருக்கலாம். பெரிய தளங்கள் கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் சேவையகத்தைக் காட்டும். கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று 9.9.9.9 சொல்லாது, தனியுரிமை கருதி. அதனால் சில நேரம் தொலைவில் இருப்பதைக் காட்டிவிடும். அப்படியானால் 9.9.9.11 போட்டுப் பாருங்கள். அதுவும் வடிகட்டும், ஆனால் உங்கள் முகவரியின் முன்பகுதியைத் தளத்துக்குச் சொல்லிவிடும்.

மாடிவீட்டுக்காரரே, ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டேன். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் என்ன? இங்கே எழுத வேண்டாம். பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதா, நீங்கள் மாற்றியதா?

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

admin... மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

---

பழையமோடம் எழுதியது:

இன்றே மாற்றுங்கள். நீங்கள் நல்லதற்குச் செய்த இதே மாற்றத்தைக் கெட்டவர்களும் செய்வார்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சுநிரல் அப்படித்தான் பிழைத்தது. கணினிகளில் டிஎன்எஸ் முகவரியை மாற்றி, ரவுட்டர்களுக்குள்ளும் வழக்கமான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து நுழைந்தது. 40 லட்சம் கணினிகள் சிக்கின. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, அவர்களுடைய டிஎன்எஸ் சேவையகங்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் இணையமே நின்றுவிடும் என்பதால், 2012 ஜூலை 9 வரை நல்ல சேவையகங்களை அதே முகவரிகளில் ஓட்ட வேண்டியிருந்தது.

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அப்பாவின் கைப்பேசியில் dns.quad9.net போட்டாயிற்று, இப்போது தடுக்கிறது.

மீதி இருப்பது தொலைக்காட்சி. அதிலிருக்கும் உலாவியில் சோதனைப் பெயர் இன்னும் திறக்கிறது. அதன் நெட்வொர்க் பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 192.168.1.1 என்று ஒழுங்காகத்தான் காட்டுகிறது.

---

பழையமோடம் எழுதியது:

சில தொலைக்காட்சிகளும் ஸ்ட்ரீமிங் குச்சிகளும் நீங்கள் கொடுத்ததைத் திரையில் காட்டிவிட்டு, தங்களுக்குள் எழுதி வைத்திருக்கும் முகவரியிடம் கேட்கும். பெரும்பாலும் அது 8.8.8.8 ஆகவே இருக்கும். வீட்டிலிருந்து 53 என்ற போர்ட் வழியாக வெளியே போகும் எல்லாவற்றையும் ரவுட்டர் தன்னிடமே திருப்பிவிட்டால் அதையும் பிடிக்கலாம். உங்கள் ரவுட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் அப்படித் திருப்பும் வசதி இருக்கிறதா?

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

தேடினேன். கருவிகளை முழுதாகத் தடுக்க மட்டும் வசதி இருக்கிறது, திருப்ப இல்லை. தொலைக்காட்சியில் யாரும் அட்டை எண் தட்டப் போவதில்லை என்பதால் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அதே ரவுட்டர் வைத்திருக்கும் யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். அப்பாவுக்கு வந்த குறுஞ்செய்தி இன்னும் இருக்கிறது. அதிலிருந்த பெயரை மட்டும் கையால் எழுதி, மடிக்கணினியில் 9.9.9.9-இடம் கேட்டேன். இல்லை என்றது. மகிழ்ச்சியோடு 9.9.9.10-இடமும் கேட்டேன். அதுவும் இல்லை என்றது.

---

பழையமோடம் எழுதியது:

மோசடிக்காரர்களே அந்தப் பெயரைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். இப்படிப்பட்ட பெயர்கள் பல சில நாட்களே உயிரோடிருக்கும்.

---

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

அப்படியானால் அன்று, குறுஞ்செய்தி வந்த அந்த நேரத்தில், இதெல்லாம் சரியாக இருந்திருந்தால் தடுத்திருக்குமா?

---

பழையமோடம் எழுதியது:

யாராவது அதற்கு முன்பே ஏமாந்து, பெயர் பட்டியலில் ஏறியிருந்தால் தடுத்திருக்கும். உங்கள் அப்பா முதல் சில பேரில் ஒருவராக இருந்திருந்தால் தடுத்திருக்காது. அம்மாவை அருகிலேயே வைத்திருங்கள்.